கூட்டினால் ஒருங்கும் தொடர், வர்க்கப்படுத்தினால் தாங்குமா?

கேள்வி: மிகை உறுப்புகள் மட்டுமே உள்ள ஒரு தொடர் ஒருங்கினால், ஒவ்வொரு உறுப்பையும் வர்க்கப்படுத்திக் கிடைக்கும் தொடரும் ஒருங்குமா? குறை எண்களும் வரலாம் என்றால் என்ன மாறும்? வகுப்பில் “முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை” என்று மட்டும் சொன்னார்கள். நிரூபணத்தில் எந்த இடம் உடைகிறது என்று புரியவில்லை.

பதில்:

உடையும் இடம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்க்க, முதலில் மிகை உறுப்புகளுக்கான நிரூபணத்தை நிதானமாக எழுதிவிடுவோம்.

Σ a_n ஒருங்குகிறது, எல்லா a_n உம் ≥ 0. ஒருங்கும் எந்தத் தொடரிலும் உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கிப் போக வேண்டும். எனவே ஏதோ ஒரு N-க்குப் பிறகு எல்லா உறுப்புகளும் 1-ஐவிடச் சிறியவை. 0-க்கும் 1-க்கும் இடையில் உள்ள எண்ணை வர்க்கப்படுத்தினால் அது இன்னும் சிறுக்கும், அதாவது a_n² ≤ a_n. ஆகவே N-இலிருந்து தொடங்கும் வர்க்கங்களின் பகுதிக் கூடுதல்கள் Σ a_n-இன் கூடுதலை ஒருபோதும் தாண்டாது. வர்க்கங்கள் எல்லாம் குறையற்றவை என்பதால் அந்தப் பகுதிக் கூடுதல்கள் இறங்கவும் முடியாது. இறங்காமல், மேலே ஒரு வரம்புக்குள் அடங்கி நிற்பது ஒருங்கியே தீரும். முதல் N−1 உறுப்புகள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் அவை முடிவுள்ள ஒரு எண்ணைத்தான் சேர்க்கும்.

இதில் பலர் அவசரப்பட்டு “எல்லா n-க்கும் a_n² ≤ a_n” என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 5, 2.5, 1.25, 0.625 என்று பாதிபாதியாகக் குறையும் தொடரை எடுங்கள். கூடுதல் 10. வர்க்கங்கள் 25, 6.25, 1.5625 என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதில் கால் பங்கு என்பதால் கூடுதல் 25 ÷ (3/4), அதாவது 33.33. மூலத் தொடரைவிட மூன்று மடங்குக்கும் மேல்! ஆனாலும் ஒருங்குகிறது. “ஒரு கட்டத்துக்குப் பிறகு” என்ற சொற்களை விட்டுவிட்டால் நிரூபணம் இந்த எளிய எடுத்துக்காட்டிலேயே பொய்யாகிவிடும்.

N எதுவும் தேடாமலே போகும் இன்னொரு வழியும் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும், ஏனென்றால் குறிகள் வந்தால் என்ன ஆகிறது என்பதை அது கண்ணெதிரே காட்டிவிடுகிறது. முதல் N உறுப்புகளின் கூடுதலை S என்போம், அவற்றின் வர்க்கங்களின் கூடுதலை Q என்போம். S-ஐ வர்க்கப்படுத்தி விரித்தால்

S² = Q + 2C

என்று வரும். இங்கே C என்பது a_1·a_2, a_1·a_3, a_2·a_3 என்று வெவ்வேறு உறுப்புகளை இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டியது. குறுக்குப் பெருக்கல்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் மிகை என்றால் C ≥ 0, எனவே Q ≤ S². மேலே உள்ள தொடரில் S² எந்நாளும் 100-ஐத் தாண்டாது. Q அதற்குள் அடங்கி 33.33-இல் நின்றது. வேலை முடிந்தது.

மறுதலை உண்மையல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1/n-இன் தொடர் விரிகிறது, 1/n²-இன் தொடர் ஒருங்குகிறது. வர்க்கங்கள் ஒருங்குவதை வைத்து மூலத் தொடரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இப்போது குறை எண்களை உள்ளே விடுவோம். முதல் நிரூபணத்தை வரிவரியாகத் திரும்பப் படியுங்கள். உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கிப் போகின்றனவா? ஆம். ஒரு கட்டத்துக்குப் பிறகு |a_n| < 1 ஆகிறதா? ஆம். a_n² ≤ |a_n| சரியா? சரி. வர்க்கங்களின் பகுதிக் கூடுதல்கள் இறங்காமல் போகின்றனவா? ஆம், வர்க்கம் எப்போதும் குறையற்றதே. கடைசியில் நமக்குத் தேவைப்படும் மேல் வரம்பு எது? Σ |a_n|. கையில் இருப்பதோ Σ a_n. முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தன, இப்போது இல்லை. உடையும் இடம் இதுதான், வேறெங்கும் இல்லை.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தி உடனே கிடைக்கிறது. Σ |a_n| ஒருங்கினால், அதாவது வகுப்பில் அப்சல்யூட் கன்வர்ஜென்ஸ் என்று சொல்வது இருந்தால், குறிகள் எப்படி இருந்தாலும் Σ a_n² ஒருங்கும். சிக்கல் முழுவதும், Σ a_n ஒருங்கியும் Σ |a_n| விரியும் தொடர்களில்தான் இருக்கிறது. அவற்றிலும் எல்லாம் கெட்டுப்போவதில்லை. 1 − 1/2 + 1/3 − 1/4 + … அந்த வகைதான், ஆனால் அதன் வர்க்கங்கள் 1/n², அவை ஒருங்குகின்றன. எனவே “குறிகள் வந்தால் வர்க்கங்கள் விரியும்” என்று எழுதினால் மதிப்பெண் போகும். ஒருங்கலாம், விரியலாம் என்பதே சரியான விடை.

விரிவதற்கான எடுத்துக்காட்டு எல்லாப் பாடப்புத்தகங்களிலும் உண்டு:

1 − 1/√2 + 1/√3 − 1/√4 + …

உறுப்புகளின் அளவு குறைந்துகொண்டே பூஜ்யத்துக்குப் போகிறது, குறிகள் மாறிமாறி வருகின்றன, ஆகவே லைப்னிட்ஸ் சோதனைப்படி ஒருங்குகிறது. வர்க்கங்கள் 1 + 1/2 + 1/3 + 1/4 + …, அதாவது விரியும் என்று எல்லோருக்கும் தெரிந்த இசைத் தொடர்.

புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். நாம் எண்களையும் பார்ப்போம். பகுதிக் கூடுதல்கள் 1, 0.2929, 0.8702, 0.3702, 0.8175, 0.4092, 0.7872, 0.4336 என்று மேலும் கீழும் ஆடிக்கொண்டே நெருங்குகின்றன. போய்ச் சேரும் இடம் சுமார் 0.6049. பத்து லட்சம் உறுப்புகளுக்குப் பிறகு S = 0.6044. அதே பத்து லட்சம் உறுப்புகளின் வர்க்கக் கூடுதல் Q = 14.3927. இப்போது S² = Q + 2C என்ற சமன்பாட்டில் இவற்றைப் போடுங்கள். S² என்பது 0.3653. எனவே 2C = 0.3653 − 14.3927 = −14.0274. பத்தாயிரம் உறுப்புகளில் நிறுத்தியிருந்தால் Q = 9.7876, 2C = −9.4277.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். Q மேலே ஏற ஏற, குறுக்குப் பெருக்கல்கள் ஏறத்தாழ அதே அளவு கீழே இறங்குகின்றன. S² மட்டும் நடுவில் அசையாமல் நிற்கிறது. தொடர் ஒருங்குகிறது என்பதற்கு இங்கே பொருள், இந்த இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன என்பதே. உறுப்புகளைத் தனித்தனியாக வர்க்கப்படுத்தும்போது குறுக்குப் பெருக்கல்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம், சரிக்கட்ட ஆளில்லாமல் Q ஓடிவிடுகிறது. மிகைத் தொடரில் C ஒருபோதும் குறை எண்ணாக முடியாது. அதனால்தான் அங்கே இந்த ஆபத்தே எழவில்லை.

வரிசையை வைத்தும் இதைப் புரிந்துகொள்ளலாம். குறையற்ற உறுப்புகளை எந்த வரிசையில் கூட்டினாலும் கூடுதல் ஒன்றுதான், எனவே Σ a_n² வரிசையைப் பொருட்படுத்தாது. Σ |a_n| விரிந்து Σ a_n ஒருங்கும் தொடரிலோ, உறுப்புகளை இடம் மாற்றி நாம் விரும்பும் எந்தக் கூடுதலையும் வரவழைக்கலாம், விரியவும் வைக்கலாம். ரீமான் 1854-இல் எழுதிய ஆய்வுரையில் காட்டியது இது. அவர் இறந்த பிறகே அது அச்சானது. இடம் மாற்றினால் மாறிப்போகும் ஒரு விஷயத்தை வைத்து, இடம் மாற்றினாலும் மாறாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது நியாயம்தானே.

சரி, வர்க்கங்கள் விரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? முடிவிலாப் பெருக்கலில் இது நிஜமாகவே அடிக்கிறது. கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், எனவே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

(1 + a_1)(1 + a_2)(1 + a_3)… என்ற பெருக்கல் பூஜ்யமல்லாத ஒரு எண்ணில் போய் நிற்குமா என்று பார்க்க வேண்டும். “Σ a_n ஒருங்கினால் போதும்” என்று தோன்றும். a_n எல்லாம் மிகை என்றால் அது போதும், சரிதான். குறிகள் கலந்தால் போதாது. காரணத்தைக் கடைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள்: 100 ரூபாய்ச் சரக்கின் விலையை 10 சதவீதம் ஏற்றிவிட்டு, அதன்மேல் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 100 வராது, 99 தான் வரும். சதவீதங்களைக் கூட்டினால் பூஜ்யம், பெருக்கினால் ஒரு ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டம் 0.1-இன் வர்க்கம், 0.01.

n = 2-இலிருந்து தொடங்கி a_n = (−1)^n/√n என்று வையுங்கள். (n = 1 வேண்டாம், 1 − 1 = 0 ஆகி எல்லாம் பூஜ்யமாகிவிடும்.) இரண்டிரண்டாகச் சேர்ப்போம். n = 100, 101 ஆகிய இரண்டையும் எடுத்தால் (1 + 0.1)(1 − 0.099504) = 1.1 × 0.900496 = 0.990546. இந்த ஒரு சோடி பெருக்கலை ஏறத்தாழ ஒரு சதவீதம் இறக்கிவிட்டது. பொதுவாக 2k, 2k+1 என்ற சோடியை விரித்தால்

1 + [1/√(2k) − 1/√(2k+1)] − 1/√(2k(2k+1))

என்று வரும். சதுர அடைப்புக்குள் இருக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. k^(3/2)-இன் தலைகீழ் அளவில் குறைகிறது, அதைக் கூட்டினால் ஒருங்கிவிடும். கடைசி உறுப்போ ஏறத்தாழ 1/(2k). ஒவ்வொரு சோடியும் பெருக்கலை 1/(2k) பங்கு இறக்குகிறது, அந்த இறக்கங்களின் கூடுதல் இசைத் தொடரில் பாதி, எனவே அதற்கு முடிவே இல்லை. பெருக்கல் பூஜ்யத்துக்குப் போகிறது. எந்த வேகத்தில்? மடக்கை எடுத்தால் ln(1 + x) = x − x²/2 + x³/3 − …; x-களின் கூடுதல் ஒருங்குகிறது, x²/2-களின் கூடுதல் (ln N)/2 அளவில் வளர்கிறது, அதற்கு மேற்பட்டவை எல்லாம் சேர்ந்து ஒருங்குகின்றன. எனவே பெருக்கல் 1/√N வேகத்தில் இறங்கும். n = 10,000 வரை பெருக்கினால் சுமார் 0.017, பத்து லட்சம் வரை பெருக்கினால் சுமார் 0.0017. உறுப்புகள் நூறு மடங்கு கூடினால் பெருக்கல் பத்தில் ஒரு பங்காகிறது, 1/√N சொல்வதும் அதைத்தான்.

இதே கணக்கை a_n = (−1)^n/n என்று போட்டுப் பாருங்கள், n = 2-இலிருந்து:

(3/2)(2/3)(5/4)(4/5)(7/6)(6/7)…

ஒவ்வொரு சோடியும் சரியாக 1 ஆகி அடிபட்டுப் போகிறது! பெருக்கல் 1-இல் ஒருங்குகிறது. இரண்டு கணக்கிலும் Σ a_n ஒருங்குகிறது, இரண்டிலும் Σ |a_n| விரிகிறது. வேறுபாடு Σ a_n² மட்டுமே. மெய்யெண்களுக்குப் பொதுவான விதியும் இதுதான்: Σ a_n ஒருங்கி, எந்த a_n-உம் −1 ஆகாமல் இருந்தால், பெருக்கல் பூஜ்யமல்லாத எண்ணில் நிற்பது Σ a_n² ஒருங்கும்போது மட்டும்.

இதே வர்க்கம் இன்னொரு இடத்தில் மறைந்து வந்து தேர்வெழுதுபவர்களைக் கவிழ்க்கும். Σ (−1)^n / (√n + (−1)^n), n = 2-இலிருந்து. பெரிய n-க்குப் பகுதியில் (−1)^n ஒன்றுமே இல்லை, எனவே இது (−1)^n/√n போலத்தான், ஆகவே ஒருங்கும் என்று எழுதத் தோன்றும். விகிதத்தின் எல்லையும் 1 தான். ஆனால் மேலும் கீழும் √n − (−1)^n ஆல் பெருக்கினால் உறுப்பு

(−1)^n √n/(n−1) − 1/(n−1)

என்று இரண்டாகப் பிரிகிறது. முதல் பகுதி லைப்னிட்ஸ் சோதனைப்படி ஒருங்குகிறது. இரண்டாவது இசைத் தொடர். மொத்தம் விரிகிறது. அந்த 1/(n−1) எங்கிருந்து வந்தது? (−1)^n-ஐ (−1)^n ஆல் பெருக்கியதால் குறி அழிந்து வந்தது, அதாவது நம் a_n² தான். விகித எல்லையை வைத்து ஒப்பிடும் சோதனை மிகை உறுப்புகளுக்கு மட்டும் என்று புத்தகத்தில் ஏன் போட்டிருக்கிறார்கள் என்பதற்கும் இதுவே விடை.

வர்க்கம் குறியை அழிப்பதால்தானே இவ்வளவும், கனம் குறியைக் காப்பாற்றுமே, அப்படியானால் Σ a_n³ பிழைத்துக்கொள்ளுமா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். (−1)^n/√n-க்குப் பிழைக்கிறது, லைப்னிட்ஸ் சோதனையே போதும். ஆனால் பொதுவாக இல்லை. k = 1, 2, 3, … ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்புகளை இப்படி வையுங்கள்:

1/∛k, −1/(2∛k), −1/(2∛k)

மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். நடுவில் எங்கே நிறுத்தினாலும் பகுதிக் கூடுதல் 1/∛k-ஐத் தாண்டாது, அதுவும் பூஜ்யத்துக்குப் போகிறது. எனவே தொடர் ஒருங்குகிறது, கூடுதல் 0. கனங்களைப் பாருங்கள்: 1/k − 1/(8k) − 1/(8k) = 3/(4k). விரிகிறது. ஒரு பெரிய மிகை உறுப்பை இரண்டு சிறிய குறை உறுப்புகள் கூட்டலில் சமன் செய்தன. கனத்தில் பெரியது எட்டு மடங்கு ஓங்கிவிட, அவை இரண்டும் சேர்ந்தும் கால் பங்கைத்தான் ஈடுகட்ட முடிந்தது. குறி அழியாமல் இருந்தும் சமநிலை போய்விட்டது.

இதே தொடரில் ஒவ்வொரு உறுப்புக்கும் சைன் எடுத்தாலும் சிக்கல்தான். sin x = x − x³/6 + …, எனவே ஒவ்வொரு மூன்று உறுப்புகளும் சேர்ந்து −1/(8k) அளவு விட்டுச் செல்லும்; x⁵-இலிருந்து வருபவை k^(5/3)-இன் தலைகீழ் அளவில் இருப்பதால் அவை தொல்லை தராது. ஆக Σ a_n ஒருங்கியும் Σ sin a_n விரிகிறது. மிகை உறுப்புகள் என்றால் sin a_n ≤ a_n என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். எந்தச் சார்பு f-ஐ எடுத்தால், ஒருங்கும் ஒவ்வொரு Σ a_n-க்கும் Σ f(a_n) தவறாமல் ஒருங்கும் என்று கேட்டு அதற்கு முழு விடையும் கண்டிருக்கிறார்கள்: பூஜ்யத்தின் அண்மையில் f(x) = cx என்ற நேர்கோடாக இருக்கும் சார்புகள் மட்டுமே, வேறொன்றும் இல்லை.